ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போன ஒரு டீமேட் கணக்கு: பாலக்கோடு நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, 2025 பிப்ரவரி நடுவில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் பெயரில் 5,385 ரூபாய் 52 காசு நிலுவை இருப்பதாகவும், அதைச் செலுத்தாவிட்டால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த நிறுவனத்தின் வழியாக அவர் கடைசியாகப் பங்கு வாங்கியது 2018 தொடக்கத்தில். அதற்குப் பின் அவர் எதையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அவருக்கு வருமான வரிக்கணக்குத் தாக்கல் செய்து தருபவன் என்ற முறையில் அந்தக் கடிதம் என் மேசைக்கு வந்தது. "ஏம்ப்பா, அந்தக் கடையே மூடி நாலு வருஷம் ஆச்சு. எனக்கு எப்படிப் பாக்கி வரும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கேள்வி நியாயமானது. தருமபுரி நகரில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய அலுவலகத்தில்தான் அவர் 2017 ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டுக் கணக்குத் தொடங்கினார். ஆனால் அந்த அலுவலகம் தரகு நிறுவனத்தின் கிளை கூட இல்லை. நிறுவனத்தின் சார்பாக வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு முகவருடையது. முகவர் தொழிலை விட்டுப் போனாலும், கடைக்குப் பூட்டுப் போட்டாலும், கணக்கு தரகு நிறுவனத்திடம் அப்படியே இருக்கும். கணக்குதாரர் எழுத்து மூலம் கேட்காத வரை யாரும் அதை முடித்துவைக்க மாட்டார்கள். பயன்படுத்தாமல் விட்டால் தானாகவே காலாவதியாகிவிடும் என்று நம் பகுதியில் பலரும் நினைப்பது செல்பேசி எண்ணைப் பற்றி வேண்டுமானால் சரி. டீமேட் கணக்குக்கு அது பொருந்தாது.

கட்டணம் எதற்கு வருகிறது

பங்கு வணிகக் கணக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு கணக்குகள். வாங்கவும் விற்கவும் உத்தரவு கொடுப்பது டிரேடிங் கணக்கின் வழியாக. வாங்கிய பங்குகள் மின்னணு வடிவில் இருப்பது டீமேட் கணக்கில். ஆசிரியருக்கு வந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இந்த இரண்டாவது கணக்குக்கானது. பங்குகளை உண்மையில் காத்துவைப்பவை என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகள். 1996-ல் தொடங்கியது முதலாவது, 1999-ல் தொடங்கியது மற்றது. இவற்றுக்கும் நமக்கும் நடுவில் நின்று சேவை தருபவர் டெபாசிட்டரி பங்கேற்பாளர். பெரும்பாலும் தரகு நிறுவனமே பங்கேற்பாளராகவும் இருப்பதால், இரண்டு வேடத்திலும் ஒரே பெயரில் பில் வருகிறது. வாடிக்கையாளருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

ஆசிரியரின் நிறுவனம் முதல் ஆண்டைக் கட்டணமின்றி விட்டிருந்தது. இரண்டாம் ஆண்டு முதல் 400 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 72 ரூபாய், ஆக 472 ரூபாய் ஒவ்வோர் ஆகஸ்ட் நடுவிலும் அவருடைய லெட்ஜரில், அதாவது நிறுவனம் அவர் பெயரில் வைத்திருக்கும் வரவு செலவுக் கணக்கில், பற்று வைக்கப்பட்டது. லெட்ஜரில் பணம் இல்லை. பங்குகளுக்கான ஈவுத்தொகை நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடுவதால் அதுவும் அங்கே வராது. எனவே 2018 ஆகஸ்ட் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஏழு முறை வைத்த பற்று 3,304 ரூபாயாகக் குவிந்தது. மீதி 2,081 ரூபாய் 52 காசு முழுவதும் வட்டி: ஒவ்வொரு 472 ரூபாய்க்கும் அது பற்று வைத்த நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் தனிவட்டி. முதல் பற்றுக்கு ஆறரை ஆண்டு, கடைசிப் பற்றுக்கு அரை ஆண்டு என்று கணக்கிட்டால் காசு வரை பொருந்தி வந்தது. கணக்கில் பிழை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டதால், பிறகு நடந்த பேச்சில் எதை மறுப்பது, எதை ஒப்புக்கொள்வது என்பது எங்களுக்குத் தெளிவாக இருந்தது.

இந்த ஏழு ஆண்டுகளில் அவருக்கு ஏன் தெரியாமல் போனது என்றால், 2017-ல் கொடுத்த செல்பேசி எண்ணை அவர் 2020-ல் விட்டுவிட்டார். குறுஞ்செய்திகள் அந்தப் பழைய எண்ணுக்கே போயின. மின்னஞ்சல் சரியாக இருந்தது, ஆனால் அவர் அதைத் திறந்து பார்க்கிறவர் அல்லர்.

மறந்த கணக்கு இரண்டு பக்கம் செலவு வைத்தது

கடிதம் கேட்ட தொகையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆசிரியர் 2021-ல் தன் மகன் சொல்லிக் கொடுத்தபடி செல்பேசிச் செயலி வழியாக வேறொரு தரகு நிறுவனத்தில் இன்னொரு கணக்குத் தொடங்கியிருந்தார். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை 75 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 88 ரூபாய் 50 காசு எடுக்கப்பட்டு வந்தது. ஆண்டுக்கு 354 ரூபாய். அந்தக் கணக்கில் இருந்த பங்குகளின் மதிப்பு ஏறக்குறைய 1,60,000 ரூபாய். இந்த அளவுக்கு இருக்கும் ஒருவர் 2024 செப்டம்பர் முதல் ஒரு ரூபாய் கூடப் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அவரிடமிருந்து எடுத்தார்கள், அதுவும் விதிப்படியே எடுத்தார்கள்.

இதற்குக் காரணம் அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்ற ஏற்பாட்டின் நிபந்தனை. சிறு முதலீட்டாளர்களின் செலவைக் குறைக்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2012-ல் இதைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் 50,000 ரூபாய் வரை மதிப்புள்ள இருப்புக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 2 லட்சம் வரை ஆண்டுக்கு அதிகபட்சம் 100 ரூபாய் என்று இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்பு உயர்த்தப்பட்டு, 4 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை அதிகபட்சம் 100 ரூபாய் என்று ஆனது. பத்து லட்சத்தைத் தாண்டினால் வழக்கமான கட்டணம். தகுதி இருந்தால் பங்கேற்பாளர் தாமாகவே இந்த வகைக்கு மாற்ற வேண்டும். வழக்கமான கணக்கே வேண்டுமென்று வாடிக்கையாளர் மின்னஞ்சலில் சம்மதம் தெரிவித்தால் மட்டுமே மாற்றாமல் விடலாம் என்றது 2024 விதி.

நிபந்தனை என்னவென்றால், ஒருவர் தனி உரிமையாளராகவோ முதல் உரிமையாளராகவோ இருக்கும் டீமேட் கணக்கு, இரண்டு டெபாசிட்டரிகளையும் சேர்த்து, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பான் எண்ணை வைத்து இதைச் சரிபார்க்கிறார்கள். ஆசிரியரின் பான் எண்ணில் இரண்டு கணக்குகள் இருந்தன. பழைய கணக்கில் உள்ளவை 60 பங்குகளும் ஒரு செல்லாக்காசுக் கம்பெனியின் 500 பங்குகளும்தான் என்பதோ, அதை ஆண்டுக்கணக்கில் தொடவில்லை என்பதோ கணக்கில் வராது. அது இருக்கிறது என்ற காரணத்தாலேயே புதிய கணக்கும் தகுதி இழந்தது. ஆக பழைய கணக்கு ஆண்டுக்கு 472 ரூபாயைத் தன் பங்குக்கும், புதிய கணக்கில் 354 ரூபாயை மறைமுகமாகவும், மொத்தம் 826 ரூபாய் செலவு வைத்துக்கொண்டிருந்தது. பழைய பாக்கியைப் பேசிக் குறைப்பதோடு நில்லாமல் கணக்கையே முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தியது இந்த எண்ணுக்காகத்தான்.

தன் பான் எண்ணில் எத்தனை டீமேட் கணக்குகள் இருக்கின்றன என்று தெரியாதவர்கள், டெபாசிட்டரியிலிருந்து மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பார்த்தால் போதும். பரிமாற்றம் நடந்த மாதத்துக்கு மாதாமாதமும், எதுவும் நடக்காவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அது வருகிறது. கடவுச்சொல் பெரிய எழுத்தில் பான் எண். ஆசிரியரின் அறிக்கையில் இரண்டு கணக்குகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன: பழையது 'IN' என்று தொடங்கும் எண்ணோடு என்.எஸ்.டி.எல்.லில், புதியது பதினாறு இலக்க எண்ணோடு சி.டி.எஸ்.எல்.லில்.

எதைக் கேட்டோம், என்ன கிடைத்தது

நிறுவனத்தின் வாடிக்கையாளர் குறைதீர் மின்னஞ்சல் முகவரிக்கு மூன்று ஆவணங்கள் கேட்டு எழுதினோம்: 2017 முதலான லெட்ஜர், கணக்குத் தொடங்கியபோது ஒப்புக்கொண்ட கட்டண அட்டவணை, கணக்குத் தொடக்கப் படிவத்தின் நகல். தொலைபேசியில் பேசுவதை நான் தவிர்க்கச் சொன்னேன். தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் "பாக்கியைக் கட்டிடுங்க சார், உடனே குளோஸ் பண்ணிடலாம்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லும் அதிகாரம் உள்ளவர் அல்லர். பிற்பாடு முறையீடு செய்ய நேர்ந்தால் அந்தப் பேச்சுக்குச் சாட்சியும் இருக்காது.

எங்கள் வாதம் இரண்டு. முதலாவது, 2018 முதல் 2021 வரை அவருக்கு இருந்தது ஒரே கணக்கு. இருப்பின் மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழ். அப்படியிருக்க அந்த ஆண்டுகளுக்கு ஏன் கட்டணம் என்பது. இரண்டாவது, டீமேட் கட்டணத்தின் மேல் 18 சதவீத வட்டி போட எந்த ஒப்பந்தப் பிரிவு இடம் தருகிறது என்பது.

முதல் வாதம் நிற்கவில்லை. மார்ச் கடைசியில் வந்த தொடக்கப் படிவ நகலில், அடிப்படைச் சேவைக் கணக்கு வேண்டாம், வழக்கமான கணக்கே வேண்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்தும் இருந்தது. டிக் அச்சிலேயே வந்ததா, முகவர் போட்டதா என்று இப்போது சொல்ல முடியாது. பென்சிலால் குறியிட்ட இடங்களில் எல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டது மட்டும் ஆசிரியருக்கு நினைவிருக்கிறது. கையெழுத்து அவருடையது என்பதால் அதை நாங்கள் மேலும் இழுக்கவில்லை. 2024 விதி மின்னஞ்சல் சம்மதத்தைக் கேட்பது இந்த மாதிரிக் கட்டங்களுக்கு எதிரான பாதுகாப்பு என்றே நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் அது பின்னோக்கிச் செல்லாது.

இரண்டாவது வாதம் நின்றது. அவர்கள் அனுப்பிய கட்டண அட்டவணையில், பங்கு வாங்கிய வகையில் நிலுவை வைத்தால் தாமதக் கட்டணம் உண்டு என்று இருந்ததே தவிர, பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படி ஒரு வரி இல்லை. அந்த வரியைக் காட்டும்படி மீண்டும் கேட்டபோது விளக்கம் எதுவும் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்ததாக இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆசிரியர் மீதி 3,304 ரூபாயைச் செலுத்தினார். கணக்கை முடிக்கும் சேவைக்கென்று தனிக் கட்டணம் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முடித்துவைக்கும் கட்டணம் என்று யாரேனும் ஒரு தொகை கேட்டால், அதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பெரும்பாலும் அந்த எழுத்து வராது, தொகையும் மறைந்துவிடும்.

முடிப்புப் படிவமும் அது திரும்பி வந்ததும்

கணக்கு முடிப்புப் படிவம் ஒரே தாள்தான். ஆனால் அதில் ஒரு கேள்வி முழு வேலையையும் தீர்மானிக்கிறது: கணக்கில் மீதமிருக்கும் பங்குகளை என்ன செய்வது. எதுவும் இல்லை என்றால் வேலை எளிது. இருந்தால் முதலில் விற்றுவிட்டு வரலாம், அல்லது வேறு டீமேட் கணக்குக்கு மாற்றச் சொல்லலாம். காகிதப் பத்திரமாக மாற்றிக்கொள்ளும் வழி ஒன்றும் படிவத்தில் இருக்கிறது. இன்றைக்கு அதைத் தேர்ந்தெடுப்பவர் பிற்பாடு விற்க முடியாமல் அவதிப்படுவார்.

ஆசிரியரிடம் இருந்த 60 பங்குகள் ஒரு பொதுத்துறை நிறுவனத்துடையவை. எந்த நாளும் விற்கலாம். சிக்கல் அந்த 500 பங்குகளில் இருந்தது. அந்த நூற்பாலைக் கம்பெனியின் பங்குகளை வாங்கவோ விற்கவோ பங்குச் சந்தை தடைசெய்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. விற்க முடியாத பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் கணக்கின் இருப்பு பூஜ்யம் ஆகாது, இருப்பு பூஜ்யம் ஆகாமல் கணக்கை முடிக்க முடியாது, முடியாத வரை கட்டணம் ஓடும். மதிப்பில்லாத ஒரு பங்குக்காக ஆண்டுதோறும் கட்டணம் கட்டுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இதற்கு வழி, சந்தையில் விற்பதையும் டெபாசிட்டரியில் மாற்றுவதையும் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. சந்தை வணிகத்தைத் தடைசெய்திருந்தாலும், அந்தப் பங்கை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஐ.என். எண் டெபாசிட்டரியில் செயல்பாட்டில் இருந்தால், ஒரு டீமேட் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அதை நகர்த்தலாம். எண்ணே முடக்கப்பட்டிருந்தால் முடியாது. எனவே படிவத்தை அனுப்பும் முன்பே, இரண்டு பங்கேற்பாளர்களிடமும் அந்த ஐ.எஸ்.ஐ.என். எண்ணைக் கொடுத்து, இரு டெபாசிட்டரியிலும் செயல்பாட்டில் உள்ளதா என்று கேட்டோம். இருந்தது. ஆகவே 60 பங்குகளையும் விற்காமல், எல்லாவற்றையும் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டுப் பழையதை முடிப்பது என்று முடிவு செய்தோம்.

இதில் ஒரு சலுகை உண்டு. ஒருவர் கணக்கை முடிப்பதற்காகத் தன் பங்குகள் அனைத்தையும் தன் பெயரிலேயே உள்ள இன்னொரு கணக்குக்கு மாற்றும்போது, டெபாசிட்டரி மாறினாலும், மாற்றுக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006 முதல் உள்ள விதி. ஆனால் இரண்டு கணக்குகளின் உரிமையாளர்களும் எல்லா வகையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து கணவன் மட்டும் உள்ள கணக்குக்கு மாற்றினால் இந்தச் சலுகை கிடைக்காது, மனைவியின் கையெழுத்தும் வேண்டும். ஆசிரியரின் இரு கணக்குகளும் அவர் தனிப் பெயரிலேயே இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் படிவத்தோடு, புதிய கணக்கின் விவரத்தை உறுதிப்படுத்தும் சி.எம்.ஆர். என்ற ஒரு பக்க அறிக்கையையும் (புதிய செயலியிலேயே பதிவிறக்கலாம்), பான் அட்டை நகலையும் வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். செல்பேசி எண் ஆதாரோடு இணைந்து, அதே எண் தரகு நிறுவனத்திலும் பதிவாகியிருந்தால், இணைய வழியிலேயே மின்கையெழுத்திட்டு இதை முடித்திருக்கலாம். பழைய எண் செத்துப்போனதால் அந்த வாசல் அவருக்கு அடைத்திருந்தது.

மூன்றாம் வாரத்தில் படிவம் நிராகரிக்கப்பட்டது. நிலுவை ஒரு காரணம், அது எதிர்பார்த்தது. செல்பேசி எண் மாற்றத்துக்கு வேண்டுகோள் வராதது இரண்டாவது. மூன்றாவது காரணம் "கையெழுத்து பொருந்தவில்லை" என்று மட்டும் இருந்தது. ஆசிரியர் தன்னுடைய கையெழுத்து பல ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் என்று சாதித்தார். விஷயம் விளங்கியது மார்ச் கடைசியில், அந்தத் தொடக்கப் படிவ நகல் வந்தபோதுதான். பணியில் இருந்த காலத்தில் அவர் தமிழில் கையெழுத்திட்டு வந்திருக்கிறார். ஓய்வூதியத்துக்காக வங்கிக் கணக்கு மாறியபோது ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். 2017 படிவத்தில் முதலெழுத்து 'மு'வின் சுழி பெயரின் கீழ் வரை ஓடி ஒரு கோடாக முடிந்திருந்தது. கையெழுத்து மாதிரியை மாற்ற வேண்டுமென்றால் வங்கி மேலாளரின் சான்றோடு தனி வேண்டுகோள் கொடுக்க வேண்டும். அவருக்கு அந்தப் பழைய தமிழ்க் கையெழுத்து இன்னும் கைவந்ததால், அதையே போட்டு இரண்டாம் முறை அனுப்புவது எளிதாக இருந்தது. பாக்கியைக் குறைக்கும் எண்ணத்தில் கேட்டு வாங்கிய நகல் அந்த வகையில் உதவாவிட்டாலும் இந்த வகையில் உதவியது.

இரண்டாவது படிவத்தோடு பயன்படுத்தாத டி.ஐ.எஸ். சீட்டுப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பினோம். அது காசோலைப் புத்தகம் போன்றது. கையெழுத்திட்ட வெற்றுச் சீட்டு ஒன்று தவறான கையில் சிக்கினால் பங்குகள் போய்விடும். ஆசிரியர் அதை நிலப் பட்டாக்களோடு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். தொலைத்தவர்கள் தொலைந்துபோனதாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். படிவத்தில் டீமேட், டிரேடிங் ஆகிய இரண்டு கணக்குகளையும் முடிக்கச் சொல்லும் கட்டங்கள் தனித்தனியாக இருந்தன. இரண்டிலும் டிக் செய்தோம். டீமேட் கணக்கை மட்டும் முடித்துவிட்டு டிரேடிங் கணக்கைத் திறந்தே விட்டவர்களுக்கு, சில நிறுவனங்களில் வேறு பெயரில் கட்டணம் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன்.

தேதியும் திரும்ப வந்த 118 ரூபாயும்

இரண்டாவது படிவம் ஏப்ரல் நடுவில் போய்ச் சேர்ந்தது. நான் தேதியைக் கவனித்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு, நடுவில் கணக்கு முடிக்கப்பட்டால், மீதமிருக்கும் முழுக் காலாண்டுகளுக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று செபி 2010-ல் சொல்லியிருக்கிறது. முதல் காலாண்டில் முடித்தால் மூன்று காலாண்டுப் பணமும், இரண்டாவதில் முடித்தால் இரண்டு காலாண்டுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆசிரியரின் கட்டண ஆண்டு 2024 ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. மூன்றாம் காலாண்டு 2025 மே நடுவில் முடிகிறது. அதற்குள் கணக்கு முடிந்தால் கடைசிக் காலாண்டின் 118 ரூபாய் திரும்ப வரும்; இன்னொரு முறை நிராகரிக்கப்பட்டு மே கடைசிக்குப் போனால் வராது. தொகை சிறியதுதான். ஆனால் பிப்ரவரிக்கு முன்பே கணக்கை முடித்திருந்தால் அது இரட்டிப்பாகியிருக்கும், ஆகஸ்டுக்கு முன்பே முடித்திருந்தால் 472 ரூபாய் விழுந்தே இருக்காது. கணக்கை முடிக்க நினைப்பவர்கள் தங்கள் கட்டணம் விழும் மாதத்தை லெட்ஜரில் பார்த்து, அதற்கு ஒன்றரை மாதம் முன்பே படிவத்தைக் கொடுப்பது நல்லது. ஒன்றரை மாதம் என்று சொல்வதற்குக் காரணம், பங்கேற்பாளர்களின் முதலீட்டாளர் சாசனம் கணக்கை முடிக்க 30 நாள் வரை அவகாசம் தருகிறது, நிராகரிப்புக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

ஏப்ரல் நான்காம் வாரத்தில் இரு வகைப் பங்குகளும் புதிய கணக்கில் வந்து சேர்ந்தன. அந்த மாதம் முடிவதற்குள் பழைய கணக்கு முடிக்கப்பட்டதாக மின்னஞ்சலும், புதிய எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வந்தன. 118 ரூபாய் மே மாதத்தில், ஒரு நினைவூட்டலுக்குப் பிறகு, வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நிறுவனம் பதில் தராமல் இழுத்தடித்திருந்தால் அடுத்து செபியின் ஸ்கோர்ஸ் இணையதளத்தில் புகார் பதிந்திருப்போம். அங்கே பதிவான புகாருக்கு நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். இங்கே அந்தத் தேவை எழவில்லை.

எல்லாக் கணக்குக்கும் இதே வழி திறக்காது. பங்குகள் அடகில் இருந்தால் முதலில் அடகு மீட்க வேண்டும். ஏதேனும் ஆணையின் பேரில் கணக்கு முடக்கப்பட்டிருந்தால் அந்த ஆணை நீங்க வேண்டும். கணக்குதாரர் காலமாகியிருந்தால், அவருடைய கையெழுத்துப் போல் போட்டு முடிப்புப் படிவம் அனுப்புவது குற்றம். வாரிசுக்கோ நியமனதாரருக்கோ பங்குகளை மாற்றித் தரும் வேறு நடைமுறை அதற்கு இருக்கிறது, அது தனியாக எழுத வேண்டிய பொருள்.

கடைசியாக எஞ்சிய வேலை வரி தொடர்பானது. தன் கணக்கிலிருந்து தன் கணக்குக்கே மாற்றியது விற்பனை ஆகாது என்பதால் மூலதன ஆதாயம் எழவில்லை, பங்குகளை வைத்திருந்த காலமும் முதலில் வாங்கிய நாளிலிருந்தே தொடர்கிறது. ஆனால் வாங்கிய விலையும் தேதியும் பங்குகளோடு கூட வருவதில்லை. புதிய செயலியில் அந்த 60 பங்குகளின் எதிரே வாங்கிய விலை பூஜ்யம் என்று காட்டியது. அப்படியே விட்டு ஒருநாள் விற்றால், செயலி தரும் ஆதாயக் கணக்கு விற்ற தொகை முழுவதையும் லாபமாகக் காட்டும். பழைய கணக்கு முடிந்த பிறகு அதன் உள்நுழைவும் போய்விடும் என்பதால், 2017, 2018 ஆண்டுகளில் பங்கு வாங்கிய விலையும் தேதியும் உள்ள கான்ட்ராக்ட் நோட்டுகளையும் பரிமாற்ற அறிக்கையையும் முன்பே கேட்டு வாங்கியிருந்தோம். அந்த விலைகளைச் செயலியில் கைப்பட ஏற்றினோம்.

புதிய நிறுவனத்துக்கு, இனி இந்தப் பான் எண்ணில் ஒரே கணக்குதான் உள்ளது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். தகுதியை ஒவ்வொரு கட்டணச் சுற்றின் முடிவிலும் அவர்களே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றாலும், எழுதிவைப்பதில் நஷ்டம் இல்லை. ஜூன் முடிவில் விழுந்த 88 ரூபாய் 50 காசுதான் கடைசி. அக்டோபரில் ஆசிரியர் லெட்ஜரைக் காட்டியபோது, செப்டம்பர் காலாண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தில் பூஜ்யம் என்று இருந்தது. நூற்பாலையின் 500 பங்குகளும் விற்க முடியாதவையாகவே, ஆனால் செலவில்லாமல், அதே கணக்கில் கிடக்கின்றன.